கோடு போட்ட துணியின் போட்டோவை 3டி டீ-ஷர்ட்டில் ஏற்றுவது

கேள்வி: பீடர் ஸ்ட்ரைப் சிங்கிள் ஜெர்சி துணியை போன்ல போட்டோ எடுத்து 3டி டீ-ஷர்ட்ல போட்டேன். கோடு பெருசா தெரியுது, சைடுல ஒட்டு தெரியுது, கலரும் வேற. நிஜத் துணி மாதிரி வர என்ன பண்ணணும்?

பதில்: திருப்பூர்ல மெர்ச்சண்டைசரா இருப்பீங்கன்னு நினைச்சு எழுதறேனுங்க. உங்க சாப்ட்வேர்ல தப்பில்லை. போட்டோவுக்கு முன்னாடி துணியை யாரும் அளக்கறதில்லை, கோளாறு அங்கதான் ஆரம்பிக்குது.

ஒரு கணக்கு வெச்சுப் பார்க்கலாம். குறுக்கே ஓடற லூப் வரிசை கோர்ஸ், நெடுக்க ஓடறது வேல். நேவி 16 கோர்ஸ், வெள்ளை 8 கோர்ஸ், ஆக 24 கோர்ஸுக்கு ஒரு ரிப்பீட். பிக் கிளாஸை வெச்சு எண்ணினா இன்ச்சுக்கு 40 கோர்ஸ், 32 வேல்ஸ் வருதுன்னு வைங்க. அப்ப 5 ரிப்பீட்டுக்கு 120 கோர்ஸ், சரியா 3 இன்ச். அகலத்துல 96 வேல்ஸ், அதுவும் 3 இன்ச். போட்டோவுல வெட்டி எடுக்க வேண்டியது இந்தச் சதுரம்தான். கண்ணுக்கு அழகாப் படற இடத்துல வெட்டினா கடைசி வேல் பாதியில அறுந்து, பக்கத்துல அதே படம் வந்து சேரும்போது ஒட்டு தெரியும்.

ஜி.எஸ்.எம். கட்டர்ல வெட்டின வட்டம் மேஜை மேலயே கிடக்குதுன்னு அதையே போட்டோ எடுத்துடாதீங்க. 3 இன்ச் சதுரம் அதுக்குள்ள மட்டுமட்டாத்தான் அடங்கும். ஜெர்சி ஓரம் வேற சுருளும். 20 செ.மீ. துண்டா வெட்டி, இழுக்காம மேஜையில விட்டு, ஓரத்தை டேப்ல ஒட்டுங்க. ஒட்டினப்புறம் திரும்ப எண்ணுங்க. 32 வேல்ஸ் 30 ஆயிருந்தா துணி இழுபட்டிருக்குது, பிரிச்சு ஒட்டணும்.

பக்கத்துல ஸ்டீல் ஸ்கேல் வெச்சு, ஜன்னல் வெளிச்சத்துல, பிளாஷ் இல்லாம, நேர் மேல இருந்து எடுங்க. ரொம்பக் கிட்டப் போனா ஓரக் கோடு வளையும். கொஞ்சம் தள்ளி நின்னு 2x லென்ஸ்ல எடுங்க. ஒரு மில்லிமீட்டருக்கு 30 பிக்சல் கிடைச்சா ஒரு லூப் 24 பிக்சல் அகலத்துல தெரியும், அது தாராளம். போனை அசைக்காம அதே இடத்துல ஒரு வெள்ளைத்தாளையும் எடுத்துக்கங்க. அதை நல்லா பிளர் பண்ணி, போட்டோஷாப்ல துணிப் படத்து மேல `Divide` மோடுல வெச்சா ஒரு மூலை வெளிச்சம், ஒரு மூலை இருட்டுங்கறது போயிடும். அது போகலைன்னா சட்டை பூரா கட்டம் கட்டமாத் தெரியும். ஸ்கேனர் இருக்கறப்ப போன் எதுக்குன்னு சண்டைக்கு வருவீங்க. ஸ்கேனர்ல அளவு கச்சிதமா வரும், ஒத்துக்கறேன். கண்ணாடி அமுக்கி லூப் தட்டையாப் போயிடும், அதுதான் சொல்றேன்.

பலர் கவனிக்காதது, கோடு சாயறது. 72 பீடர் மெஷின் ஒரு சுத்துக்கு 72 கோர்ஸ் போடும். இந்தத் துணியில அது 1.8 இன்ச், ஒரு சுத்து முடியறப்ப கோடு அவ்வளவு இறங்கியிருக்கும். 24 இன்ச் டயா, 24 கேஜ்ல குழாய் சுத்தளவு சுமார் 56 இன்ச். அதனால உங்க 3 இன்ச்சுக்குள்ளயே கோடு கிட்டத்தட்ட இரண்டரை மி.மீ. இறங்கியிருக்கலாம். அப்படியே விட்டா சேர்ற இடத்துல படிக்கட்டு மாதிரி உடையும். `Edit > Transform > Skew`ல நேராக்கி, `Filter > Other > Offset`ல `Wrap Around` வெச்சுப் பாதி தள்ளி, நடுவுல ஒட்டு தெரியுதான்னு பாருங்க. பினிஷிங்ல சாய்வை எடுக்காத துணின்னா, பேட்டர்ன் மேல டெக்ஸ்சரை 1.8 டிகிரி திருப்பி வெச்சாத்தான் சைடு சீம்ல கோடு ஏறி இறங்கறது நிஜமாத் தெரியும்.

கலரைப் போட்டோவுல இருந்து எடுக்கவே கூடாதுங்க. போன் தன் இஷ்டத்துக்கு நேவியை நீலமாக்கும். அப்ரூவ் ஆன லேப் டிப்போட D65 ரீடிங் டையிங் யூனிட்ல இருக்கும். அந்த L, a, b எண்களை கலர் பிக்கர்ல அடிச்சு, கோட்டோட சராசரி நிறத்தை அதுக்குக் கொண்டு வாங்க. பையர் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ தட்டிவிட்டு "இதே கலர்" னு கேக்கறதும், சாம்பிளுக்கு மட்டும் காசு தராததும் தனிக்கதை.

துணியோட மேடு பள்ளத்தைக் காட்டற நார்மல் மேப்பை இந்தக் கோட்டுப் படத்துல இருந்து எடுத்தா நேவி பள்ளமாவும் வெள்ளை மேடாவும் ஆகி, ஜெர்சி ரிப் மாதிரி புடைச்சு நிக்கும். அதே கவுண்ட், அதே ஜி.எஸ்.எம். ஒத்தக் கலர் துணியில, பக்கவாட்டு வெளிச்சத்துல எடுத்த படத்துல இருந்து எடுங்க. 96 வேல்ஸ், 120 கோர்ஸ் கணக்கு அதுக்கும் உண்டு.

கடைசியா சாப்ட்வேர்ல டெக்ஸ்சர் அளவை 76.2 மி.மீ.னு அகலத்துக்கும் உயரத்துக்கும் கையால அடிங்க; தானா வர்ற அளவை நம்பாதீங்க. வேல்ஸ் கிரெயின் லைனோட ஓடணும். ஒரு ரிப்பீட் 15.24 மி.மீ., பாடி நீளம் 70 செ.மீ.ன்னா தோள்ல இருந்து பாட்டம் வரை 46 நேவி கோடு வரணும். திரையில எண்ணுங்க. 30தான் வருதுன்னா டெக்ஸ்சர் ஒன்றரை மடங்கு பெருசாக் கிடக்குது.