எட்டு மணி நேரத்துக்குப் பேசிய காருக்கு ஒன்பது மணி நேர பில்

கேள்வி: ஹோட்டலில் விருந்தினருக்கு வெளி ஏற்பாடுகளைச் செய்து தரும் கான்சியர்ஜ் மேசையில் சொல்லி, ஊர் சுற்றிப் பார்க்க எட்டு மணி நேரத்துக்கு கார் எடுத்தோம். சரியாக எட்டு மணி நேரத்தில் திரும்பியும் ஒன்பது மணி நேரத்துக்கு பில் வந்தது. ஏமாற்றிவிட்டார்களா? ரெஸ்டாரன்ட் புக்கிங்கையும் இவர்களிடம் விடலாமா?

பதில்: ஏமாற்று என்று உடனே சொல்லிவிட முடியாது. வாடகைக் காரில் நேரத்தை இரண்டு விதமாகக் கணக்கிடுவார்கள். ஒன்று, நீங்கள் ஏறியதிலிருந்து இறங்கும் வரை. இன்னொன்று, கார் ஷெட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பப் போய்ச் சேரும் வரை. காலை 9 மணிக்கு ஏறி மாலை 5 மணிக்கு இறங்கினால் உங்களுக்கு அது 8 மணி நேரம். ஷெட் அரை மணி தூரத்தில் இருந்தால் அவர்களுக்கு எட்டரையிலிருந்து ஐந்தரை வரை, அதாவது 9 மணி நேரம். கிலோமீட்டரையும் இப்படியே எண்ணுவார்கள்.

இதை முன்கூட்டியே சொன்னார்களா என்பதுதான் கேள்வி. டிரைவரிடம் இருந்த டிரிப் ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்கி, புக்கிங்கின்போது தந்த சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஷெட் கணக்கு பற்றி அதில் ஒரு வரியும் இல்லையென்றால், கூடுதல் ஒரு மணி நேரத்தைக் கழிக்கச் சொல்ல உங்களுக்கு நியாயம் இருக்கிறது. அறையைக் காலி செய்து பில் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. பணம் கைமாறிய பிறகு பேச்சு இழுத்துக்கொண்டே போகும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கார் ஹோட்டலுடையதாக இருக்கலாம், வெளி நிறுவனத்துடையதாகவும் இருக்கலாம். சில இடங்களில் கார் ஏற்பாடு செய்யும் மேசையையே வெளியார் நடத்துவார்கள். கோட்டின் காலரில் குறுக்கிட்ட இரண்டு தங்கச் சாவிகளை அணிந்திருப்பவர், பாரிஸில் 1929இல் தொடங்கிய கான்சியர்ஜ் சங்க மரபைச் சேர்ந்த உறுப்பினர். அந்தச் சாவி இல்லாதவர் மோசமானவர் என்று அர்த்தமில்லை. கார் யாருடையது, ரசீது யார் பெயரில் வரும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்பாடு செய்து தருவதற்கு கான்சியர்ஜ்கள் விருந்தினரிடம் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் கார்காரரோ டூர் நடத்துபவரோ அவர்களுக்குக் கமிஷன் தருவது உண்டு. அதனால் கான்சியர்ஜ் சொல்லும் முதல் பெயரோடு நின்றுவிடாமல் இன்னும் ஒன்றிரண்டு விலை கேளுங்கள்.

அப்புறம் ரெஸ்டாரன்ட். தாராளமாக விடலாம், நெரிசலான இடத்தில் அவர்கள் கேட்டால் மேசை கிடைப்பதற்கு வாய்ப்பும் கூடுதல். எத்தனை பேர், யாருக்கு எந்த உணவு ஒவ்வாது என்பதைச் சொல்லிவிடுங்கள். பதிவுக்குக் கார்டு எண் கேட்டால், வராமல் போனால் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை மணிக்குள் ரத்து செய்யலாம் என்று விசாரியுங்கள். ரத்து செய்வதை மேசையில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். ரெஸ்டாரன்ட் ஒப்புக்கொண்ட செய்தி உங்கள் போனுக்கு வரும் வரை அந்தப் பதிவு உயிரோடுதான் இருக்கிறது.