மூன்றாம் சுற்றுக்கு முன் மூன்று மாற்றங்கள்

கேள்வி: ஒரு நிறுவனத்தில் இரண்டு சுற்று நேர்முகத் தேர்வு முடிந்துவிட்டது. மூன்றாம் சுற்று அடுத்த வியாழக்கிழமை, காணொலி வழியாக. இதற்கிடையில் என் கைபேசி எண் மாறப் போகிறது. மாதக் கடைசியில் வேறு நகரத்துக்குக் குடிபெயர்கிறேன். இப்போதைய அலுவலகமோ 30 நாளாக இருந்த நோட்டீஸ் காலத்தை 60 நாளாக்கிவிட்டது. எல்லாவற்றையும் இப்போதே சொன்னால் வாய்ப்பு கைநழுவிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது. யாரிடம், எப்படிச் சொல்வது?

பதில்: எண் மாற்றத்தையும் ஊர் மாற்றத்தையும் இன்றே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். நோட்டீஸ் காலத்தை மட்டும் முதலில் தொலைபேசியில் பேசிவிட்டு, பேசியதை அன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள். முதல் இரண்டும் தகவல்கள். மூன்றாவது, அவர்கள் உங்களை எடைபோடும் கணக்கையே மாற்றக்கூடியது. அதனால்தான் இந்த வேறுபாடு.

எண் மாறுவது எளிய செய்தியாகத் தோன்றினாலும், அதிகம் குழப்பம் நேர்வது அங்கேதான். ஆள்சேர்ப்பு அலுவலரிடம் வாய்மொழியாகச் சொன்னால், அவர் அதைத் தம் கைபேசியில் பதிந்துகொள்வதோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் நேர்முகத் தேர்வுக்கு நேரம் குறிக்கும் ஒருங்கிணைப்பாளர் நிறுவனத்தின் விண்ணப்ப மென்பொருளில் உள்ள எண்ணைப் பார்க்கிறார். தேர்வு நடத்துபவர் கையில் இருப்பதோ நீங்கள் விண்ணப்பித்தபோது அனுப்பிய ரெஸ்யூமே. வியாழக்கிழமை காணொலி இணைப்பு அறுந்தால், அவர் அந்த ரெஸ்யூமேயின் தலைப்பில் உள்ள பழைய எண்ணுக்குத்தான் அழைப்பார். மணி அடித்து ஓய்ந்ததும் ‘அழைத்தேன், எடுக்கவில்லை’ என்று குறிப்பெழுதிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விடக்கூடும்.

ஆகவே புதிதாக ஒரு மின்னஞ்சலைத் தொடங்காமல், நேர்முகத் தேர்வு தொடர்பாக ஏற்கெனவே நடந்துவரும் கடிதத் தொடரிலேயே பதிலாக எழுதுங்கள். திருத்திய ரெஸ்யூமேயையும் இணையுங்கள். தானியங்கி முகவரியிலிருந்து வந்த அழைப்புக்குப் பதில் எழுதினால் அதை யாரும் படிக்காமல் போகலாம் என்பதால், பெயரோடு எழுதிய அலுவலரின் முகவரிக்கே அனுப்ப வேண்டும். விண்ணப்பதாரர்களுக்கென்று நிறுவனத்தின் தளத்தில் உங்களுக்குக் கணக்கு இருந்தால், அங்கும் எண்ணை நீங்களே மாற்றுங்கள். பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்துவிடுவது முக்கியம். பல தளங்கள் எண்ணை மாற்றுவதற்கான ஓடிபியைப் பழைய எண்ணுக்கே அனுப்புகின்றன. எக்காரணம் கொண்டும் புதிய எண்ணோடு மறுபடி விண்ணப்பிக்க வேண்டாம். உங்கள் பெயரில் இரண்டாவது பதிவு ஒன்று உருவாகி, இரண்டு சுற்றுகளில் கிடைத்த கருத்துகள் முதல் பதிவிலேயே தங்கிவிடும்.

இயன்றால் பழைய எண்ணைப் பணி நியமனக் கடிதம் வரும் வரையிலாவது வைத்திருங்கள். அதற்குப் பிறகு நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பை வெளி நிறுவனம் ஒன்று செய்யக்கூடும். அவர்களுக்குப் போகும் விவரம் நீங்கள் முதலில் நிரப்பிய படிவத்திலிருந்து எடுத்ததாக இருக்கலாம். புதிய எண்ணிலிருந்து அலுவலருக்கு உங்கள் முழுப்பெயரும் பதவியின் பெயரும் குறிப்பிட்டு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதும் நல்லது. அறிமுகமில்லாத எண்ணாகத் தெரிந்தால், நீங்கள் அழைக்கும்போது அவர் எடுக்காமல் விடலாம்.

ஊர் மாற்றத்தில் அவர்கள் அறிய விரும்புவது சிலவே: மூன்றாம் சுற்று பாதிக்கப்படுமா, இந்தப் பணி எந்த அலுவலகத்திலோ அங்கே நீங்கள் வர முடியுமா, எந்தத் தேதியிலிருந்து. இவற்றை அவர்கள் கேட்கும் முன்பே எழுதிவிடுங்கள். சில நிறுவனங்களில் ஊதியம் ஊரைப் பொறுத்து மாறும் என்பதால், நியமனக் கடிதம் தயாரான பிறகு இது தெரியவந்தால் கடிதத்தை மறுபடி எழுத வேண்டியிருக்கும். நேர மண்டலமும் மாறுமானால், எந்த ஊர் நேரம் என்பதைச் சேர்த்தே எழுதுங்கள்.

இனி நோட்டீஸ் காலம். பேசுவதற்கு முன் இப்போதைய அலுவலகத்தில் இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்த 60 நாள் எழுத்தில் வந்திருக்கிறதா, மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதா? மீதமுள்ள விடுப்பைக் கழித்தோ பணம் கட்டியோ முன்கூட்டி விடுபட உங்கள் நியமன ஒப்பந்தம் இடம் தருகிறதா? அதற்குப் பிறகுதான் உங்களால் உறுதியான தேதியைச் சொல்ல முடியும்.

நாள் எண்ணிக்கை ராஜினாமா கடிதம் கொடுக்கும் நாளிலிருந்துதான் தொடங்குகிறது. நீங்களோ எழுத்தில் நியமனக் கடிதம் வரும் முன் ராஜினாமா செய்யப் போவதில்லை, செய்யவும் கூடாது. ஆகவே ‘60 நாளில் சேர்வேன்’ என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். எடுத்துக்காட்டாக, நியமனக் கடிதம் ஜூன் 10 அன்று வந்து, மறுநாள் ராஜினாமா கொடுத்தால், ஜூன் 11 முதல் நாள், ஆகஸ்ட் 9 அறுபதாம் நாள். ஆகஸ்ட் 10 முதல் சேரலாம். இப்படித் தேதியாகச் சொன்னால், ஆள்சேர்ப்பு அலுவலர் தம் மேலாளரிடம் அப்படியே எடுத்துச் சொல்ல முடியும்.

இதைச் சொன்னால் வாய்ப்பு போகாது என்று நான் உறுதி கூற முடியாது. உடனடியாக ஆள் தேவைப்படும் இடமென்றால் போகவும் கூடும். ஆயினும் இப்போது சொன்னால் அது வெறும் தகவல். நியமனக் கடிதத்தில் சேரும் தேதி அச்சான பிறகு சொன்னால் பேரம் பேசுவதாகப் படும். அவர்களிடம் உள்ள படிவத்தில் 30 நாள் என்றே இருப்பதையும் நினைவில் வையுங்கள். வியாழக்கிழமைக்கு முன்பே பேசிவிடுவதுதான் சரி என்பது என் கருத்து.

பேசிய பின், மூன்று மாற்றங்களையும் ஒன்றாக உறுதிசெய்து அனுப்பும் கடிதம் இந்த அளவில் போதும்:

‘மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர், இன்று தொலைபேசியில் பேசியதை எழுத்தில் உறுதிசெய்கிறேன். வரும் சனிக்கிழமை முதல் என் கைபேசி எண் (புதிய எண்). பழைய எண் மாதக் கடைசி வரை செயல்படும். இம்மாத இறுதியில் (நகரம்) குடிபெயர்கிறேன். வியாழக்கிழமை நேர்முகத் தேர்வில் மாற்றம் தேவையில்லை, விளம்பரத்தில் கண்ட அலுவலகத்திலேயே பணியாற்றவும் இயலும். என் நோட்டீஸ் காலம் 30 நாளிலிருந்து 60 நாளாகியுள்ளது. நியமனக் கடிதம் கிடைத்த மறுநாளே ராஜினாமா கொடுப்பேன். திருத்திய ரெஸ்யூமேயை இணைத்துள்ளேன். தங்கள் பதிவேட்டிலும் நேர்முகத் தேர்வு அழைப்பிலும் இவற்றைத் திருத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

ஊர் பற்றிய வரியில் உங்கள் உண்மை நிலை எதுவோ அதையே எழுதுங்கள். அந்த அலுவலகத்துக்கு வர இயலாதென்றால் அதையும் சொல்லியாக வேண்டும். இடைத்தரகு நிறுவனம் வழியாக விண்ணப்பித்திருந்தால் இக்கடிதம் முதலில் அவர்களுக்குப் போக வேண்டும். நிறுவனத்தின் அலுவலர் உங்களுக்கு நேரடியாக எழுதிவந்திருந்தால் மட்டும் அவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

‘கிடைத்தது, நன்றி’ என்று பதில் வந்தால் பதிவு மாறிவிட்டது என்று கொள்ள வேண்டாம். அடுத்து வரும் நினைவூட்டல் செய்தி எந்த எண்ணுக்கு வருகிறது என்று பாருங்கள். பழைய எண்ணுக்கே வந்தால், புதன்கிழமை நண்பகலுக்குள் ஒருங்கிணைப்பாளரை அழைத்து, தேர்வு நடத்துபவரிடம் இருக்கும் ரெஸ்யூமேயை மாற்றித் தரும்படி பெயர் சொல்லிக் கேளுங்கள்.