முதல் வரைவோடு போகும் மெயில்: கேள்வி பதில்

"ஒப்பந்த வரைவை எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அனுப்பும்போது 'இணைப்பைப் பார்க்கவும்' என்று ஒரு வரி போட்டால் போதாதா? மீதியெல்லாம் வரைவிலேயே இருக்கிறதே."

போதாது. வரைவை எழுதும்போது உங்களுக்குத் தெரியாமலேயே பத்து முடிவு எடுத்திருப்பீர்கள். அதில் எது பேசி முடிந்தது, எது நீங்களாக நிரப்பியது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

இயந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று வருடம், மாதக் கட்டணம், 30 நாளில் பணம். பேசியது இவ்வளவுதான். எழுத உட்கார்ந்தால் 30 நாள் எந்தத் தேதியிலிருந்து என்ற கேள்வி வருகிறது. உதிரிபாகத்துக்கு யார் பணம் தருவது என்பதும் பேசப்படவில்லை. ஏதோ ஒன்றை எழுதித்தான் ஆகவேண்டும், எழுதிவிட்டோம். இவை அனுமானங்கள். இழப்பீட்டுக்கு உச்சவரம்பு எவ்வளவு என்பது வேறு ரகம். அதைப் பேசினார்கள், முடியவில்லை. அது நிலுவைப் புள்ளி. மெயிலில் இரண்டையும் கலக்காதீர்கள்:

> இணைப்பில் முதல் வரைவு. எங்கள் கட்சிக்காரர் இதை இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. அவருடைய திருத்தங்களுக்கு உட்பட்டே அனுப்புகிறோம். இரு தரப்பும் கையெழுத்திடும்வரை இது யாரையும் கட்டுப்படுத்தாது.
>
> அனுமானங்கள்: 30 நாள் கெடு, பில் கிடைத்த தேதியிலிருந்து (ஷரத்து 5). உதிரிபாக விலை மாதக் கட்டணத்தில் சேராது (ஷரத்து 7). தவறென்றால் சொல்லவும்.
>
> நிலுவை: இழப்பீட்டு உச்சவரம்பு (ஷரத்து 11). சதுர அடைப்புக்குள் காலியாக விட்டிருக்கிறோம். உங்கள் தரப்பு யோசனையைத் தெரிவிக்கவும்.
>
> நிலுவையில் உள்ளவை இவை மட்டுமல்ல. மற்ற ஷரத்துகளிலும் மாற்றம் கோரும் உரிமை எங்களுக்கு உண்டு.

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், பட்டியலில் இல்லாததெல்லாம் ஒத்துக்கொண்டது என்று அடுத்த வாரமே எதிர்த்தரப்பு சொல்லும். அப்புறம், ஷரத்து 11-க்குப் பக்கத்தில் 'ஒரு வருடக் கட்டணம்வரை சம்மதிப்பார்' என்று எழுதிவிடாதீர்கள். பேரம் அங்கேயே முடிந்துவிடும்.

"மெயில் தலைப்பில் 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்று போட்டுவிட்டால் நம்மை எதுவும் கட்டுப்படுத்தாது, சரிதானே?"

பாதி சரி. அந்த வாசகம், இருக்கும் தகராறைச் சமரசம் பேசும் கடிதங்களுக்கானது. இங்கே வேண்டியது 'கையெழுத்தாகும்வரை கட்டுப்படுத்தாது' என்ற வரிதான். அதுவும் மந்திரமில்லை. 2010-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் ஆர்டிஎஸ், முல்லர் நிறுவனங்களின் வழக்கு வந்தது. இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பிரதிகளை மாற்றிக்கொண்டால்தான் ஒப்பந்தம் அமலாகும் என்று வரைவிலேயே இருந்தது. கையெழுத்து ஆகவில்லை, ஆனால் வேலை நடந்தது, பணமும் கைமாறியது. இரு தரப்பும் நடந்துகொண்ட விதத்திலேயே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்றது நீதிமன்றம். மெயிலில் அந்த வரியைப் போட்டுவிட்டு மறுநாளே வேலையைத் தொடங்கச் சொல்லாதீர்கள்.

"கட்சிக்காரரையும் சிசியில் போடலாமா?"

வேண்டாம். 'எல்லாருக்கும் பதில்' பொத்தானை அழுத்தி, உங்களுக்கு மட்டும் சொல்லவேண்டியதை அவர் எதிர்த்தரப்புக்கும் சொல்லிவிடுவார். தனியாக அனுப்புங்கள்.

"அனுமானங்களைப் பட்டியல் போடுவது நம் பலவீனத்தை நாமே காட்டிக்கொடுப்பதல்லவா? பதினைந்து வருடமாக நான் போட்டதில்லை. கண்டுபிடிப்பது அவர்கள் வேலை."

நம் கட்சிக்காரருக்குச் சாதகமாக எழுதுவது அனுமானம் இல்லை, நிலைப்பாடு. அதைப் பட்டியலில் போடச் சொல்லவில்லை. பேசியதிலிருந்து விலகியதையும் பேசாததை நிரப்பியதையும்தான் சொல்கிறேன். உதிரிபாக விஷயம் மூன்றாம் சுற்றில் வெளிவந்தால், 'நைசாக நுழைத்துவிட்டீர்கள்' என்பார்கள். அதற்குப் பின் ஒவ்வொரு கமாவையும் சந்தேகிப்பார்கள்.

"அப்படியானால் தாமதமாகப் பணம் தந்தால் வட்டி என்ற ஷரத்து? அதைப் பற்றியும் பேசவில்லை. அது அனுமானமா, நிலைப்பாடா?"

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். வழக்கமான வட்டி என்றால் நான் சொல்லமாட்டேன், கடுமையானது என்றால் சொல்வேன். 'வழக்கமான' என்பதை யார் தீர்மானிப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். என்னிடம் பதில் இல்லை.

"வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது மெயில் அனுப்பி வெளியே வரலாமா?"

இது வரைவு அனுப்புவது பற்றிய பகுதி. உங்கள் பத்திரத்தில் முடித்துக்கொள்ளும் ஷரத்தைப் படித்துவிட்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

"ஒவ்வொரு பக்கத்திலும் 'வரைவு' என்று அச்சிட்டிருக்கிறேன். மெயிலில் தனியாக எழுதவேண்டுமா?"

முதல் பதில். மறுபடி படியுங்கள்.

"பிடிஎஃப்பா, வேர்டா?"

வேர்டு. அவர்கள் திருத்தவேண்டுமே. அனுப்புமுன் ட்ராக் சேஞ்சஸையும் ஓரக் குறிப்புகளையும் துடைத்துவிடுங்கள். மறைத்தால் போதாது, நீக்கவேண்டும். ஒருமுறை எனக்கு வந்த வரைவில், 'இதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடலாம்' என்ற குறிப்பு ஷரத்து ஓரத்தில் அப்படியே இருந்தது.

"சிசி இல்லாமல் பிசிசியில் கட்சிக்காரரைப் போட்டால்?"

அதிலும் அவர் பதில் அனுப்பலாம். தனியாக அனுப்புங்கள் என்றேன்.