இரண்டு எப்படி விடைக்குள் வந்தது?

அன்புள்ள ஐயா,
வணக்கம். பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கு ஒரு கணக்கு. எல்லா மெய்யெண் x-க்கும் (m − 2)x² + 2(m − 2)x + 4 > 0 என்றால், m-இன் மதிப்புகள் யாவை? அவள் 2 < m < 6 என்று எழுதினாள். விடைப் பக்கத்தில் 2 ≤ m < 6 என்று இருக்கிறது. அச்சுப் பிழையா? அவளுடைய நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.
ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

அச்சுப் பிழை இல்லை. உங்கள் மகள் எடுத்த எடுப்பிலேயே "தன்மைகாட்டி < 0" என்று எழுதித் தொடங்கியிருக்கிறாள். அதன் பிறகு ஒரு வரிகூடப் பிசகவில்லை. இரண்டு நழுவியது அந்த முதல் வரியில்தான். சிம்மக்கல்லில் நான் எடுக்கும் மாலை வகுப்பிலும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே இதை விடுகிறார்கள்.

தன்மைகாட்டியைச் சற்று மறந்துவிட்டு வர்க்கப் பூர்த்தி செய்வோம். முதல் இரண்டு உறுப்புகளிலும் m − 2 பொது. x² + 2x என்பது (x + 1)² − 1. ஆகவே கோவை இப்படி மாறுகிறது:

(m − 2)(x + 1)² + (6 − m)

இனி கணக்கே பேசும். x = −1 என்றால் முதல் உறுப்பு பூச்சியம்; மிஞ்சுவது 6 − m. அது மிகையாக இருக்க m < 6 ஆக வேண்டும். m = 6 என்றால் அந்த ஒரே இடத்தில் கோவை பூச்சியமாகிவிடுகிறது, எனவே ஆறு சேராது. மறுபக்கம், (x + 1)² எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாகலாம். m − 2 குறை எண்ணாக இருந்தால் அது கோவையைக் கீழே இழுத்துவிடும். m = 1, x = 2 என்று போட்டுப் பாருங்கள்: −9 + 5 = −4. ஆகவே m இரண்டுக்குக் கீழே போகக் கூடாது. சரியாக இரண்டாகவே இருந்தால்? x-உள்ள உறுப்புகள் எல்லாம் மறைந்து 4 மட்டும் நிற்கிறது. x எதுவானாலும் நான்கு மிகை எண்தானே!

தன்மைகாட்டி 4(m − 2)(m − 6). m = 2 எனும்போது இது பூச்சியம்; அதனால்தான் உங்கள் மகள் அதைத் தள்ளிவிட்டாள். ஆனால் அங்கே x² இல்லை, பரவளையமும் இல்லை. x அச்சுக்கு நான்கு அலகு மேலே ஒரு கிடைக்கோடுதான் இருக்கிறது. இருபடிக்கு உரிய சோதனையை அதன்மேல் ஏற்ற முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். x²-இன் கெழு மிகை என்ற நிபந்தனையை அவள் எங்கும் எழுதவில்லை. இந்தக் கணக்கில் தப்பித்துவிட்டாள். கடைசி 4-ஐ −4 என்று மாற்றினால் தன்மைகாட்டி −2 < m < 2 என்று தரும். x = 0 என்று போட்டால் கோவை −4; எந்த m-உம் பொருந்தாது. தன்மைகாட்டி குறை எண் என்றால் வளைவு அச்சைத் தொடவில்லை என்றுதான் பொருள். மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்பதைக் கெழுவின் குறிதான் சொல்லும்.

கேள்வியில் "இருபடிக் கோவை" என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் m = 2-க்கு இடமில்லை, உங்கள் மகளின் விடையே சரி. நீங்கள் எழுதி அனுப்பிய கேள்வியில் அப்படி இல்லை.