நுவரெலியாவில் ஏறும் சீனி அளவு: மீற்றரா, ஸ்ரிப்பா?

“அம்மாவுக்குச் சலரோகம். கிளிநொச்சியில வெறும் வயித்தில 120 அளவில காட்டுற மீற்றர், நுவரெலியாவில தங்கச்சி வீட்டில 142 காட்டினது. அதே நேரம் தங்கச்சியின்ர மீற்றரில 122. எதை நம்புறது?”

முதலில் ஸ்ரிப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுப் பிரசுரத்தை எடுத்து, அதில் என்ன நொதியம் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். குளுக்கோஸ் ஒக்சிடேஸ் என்றிருந்தால் உயரம் கொஞ்சம் விளையாடும். குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் என்றிருந்தால் ஒட்சிசனை அது பெரிதாகப் பொருட்படுத்தாது.

காரணம் இதுதான். ஒக்சிடேஸ் நொதியம் குளுக்கோசிலிருந்து இலத்திரன்களைப் பிடுங்கி, ஸ்ரிப்பில் பூசியுள்ள இரசாயனத்திடம் கொடுக்கும். அந்த மின்னோட்டத்தைத்தான் மீற்றர் எண்ணாக்குகிறது. ஆனால் இரத்தத்தில் கரைந்திருக்கும் ஒட்சிசனும் அதே இலத்திரன்களுக்குப் போட்டி போட்டுச் சிலதைக் கவர்ந்துவிடும். சமதரையில் வழக்கமாக எவ்வளவு கவரும் என்பதைக் கணக்கில் வைத்தே மீற்றரை அமைத்திருக்கிறார்கள். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். அங்கே காற்றில் ஒட்சிசனின் அழுத்தம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. களவு குறைந்தால் மீற்றருக்குக் கூட இலத்திரன் போய்ச் சேரும், எண்ணும் கூடும்.

அதற்காக 142ஐ உயரத்தின் தலையில் மட்டும் கட்டிவிடவும் முடியாது. 100க்கு மேல் 15 வீதம் கூடுதலோ குறைவோ காட்டுவதைத் தற்போதைய சர்வதேசத் தரமே அனுமதிக்கிறது. உண்மை அளவு 130 என்று வைத்தால் 142ம் 122ம் இரண்டுமே அந்த எல்லைக்குள்தான். அங்கத்தைய குளிரும் சேரும்: பையிலிருந்து எடுத்த உடன் பார்க்காமல், மீற்றரையும் ஸ்ரிப்பையும் அறையில் அரை மணிநேரம் வைத்துவிட்டு, விரலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, நன்கு துடைத்த பிறகு குத்துங்கள். மீற்றருடன் வரும் பரிசோதனைத் திரவத்தால் இந்தப் பிழையைப் பிடிக்க முடியாது. அம்மாவின் இரத்தத்தில் எவ்வளவு ஒட்சிசன் என்று அதற்குத் தெரியாது.

முடிவாகத் தெரிய வேண்டுமென்றால், வெறும் வயிற்றில் லாபில் நரம்பிலிருந்து இரத்தம் எடுக்கும் அதே நேரத்தில், இரண்டு மீற்றரிலும் ஒரே விரல் குத்தலில் பாருங்கள். லாப் எண்ணுக்குக் கிட்ட நிற்பதே நம்பத்தக்கது.

ஒக்சிடேஸ் ஸ்ரிப் தவறாகக் கூட்டிக் காட்டும்போது இன்சுலின் போடுபவர்களுக்குத்தான் ஆபத்து. உண்மையில் 62 இருக்க 74 காட்டினால் ‘தாழ்வில்லை’ என்று இருந்துவிடுவார்கள். வியர்வை, நடுக்கம், தலைசுற்று வந்தால் எண் என்ன சொன்னாலும் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள்.

இதற்கு மலை ஏறத்தான் வேண்டும் என்றில்லை. கிளிநொச்சியிலேயே நெஞ்சு வருத்தத்தால் இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்தவருக்கு இதே ஏற்றம் வரும். வீட்டில் ஒட்சிசன் மெஷினில் இருப்பவருக்கு மறுபக்கமாக, உள்ளதை விடக் குறைவாகக் காட்டலாம். இவர்களுக்கு டிஹைட்ரஜனேஸ் ஸ்ரிப்பே பொருத்தம். ஆனால் வயிற்று வழியாக டயலிசிஸ் செய்பவர் என்றால் வாங்குவதற்கு முன் கிளினிக்கில் கேளுங்கள்: அந்த நொதியத்தின் ஒரு வகை, டயலிசிஸ் திரவத்திலிருந்து வரும் மோல்ற்றோசையும் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும்.