வெள்ளிக்கிழமைப் பேச்சு விசாரணையாகிவிடாமல் இருக்க

“புதிதாக வந்த கணக்கு டீச்சரோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுகிறேன். எதைச் சொன்னாலும் ‘சாரி மேடம்’ என்று தலைகுனிகிறார். எப்படிப் பேசுவது?”

மேடம், அடுத்த முறை வகுப்பில் பார்க்கும்போது கருத்து எதையும் எழுதாதீர்கள், நடந்ததை மட்டும் எழுதுங்கள். எனக்கும் இப்படி ஒருவர் இருந்தார். ஏழாம் வகுப்பில் பின்னக் கூட்டல். கேள்வி கேட்ட அடுத்த நொடியே தானே பதிலும் சொல்லிவிடுவார். “பிள்ளைகளுக்கு நேரமே தரவில்லை” என்று சொல்லியிருந்தால் அவரும் சாரிதான் சொல்லியிருப்பார். அதனால் அவர் கேட்ட பத்துக் கேள்விகளையும், ஒவ்வொன்றுக்கும் யார் பதில் சொன்னார்கள் என்பதையும் எழுதி, தாளை அவர் கையில் கொடுத்து, “இதில் உங்களுக்கு என்ன தெரிகிறது?” என்றேன். ஏழில் அவர் பெயரே இருந்தது. அவரே சிரித்துவிட்டார்.

அப்புறம் அந்த வாரத்துக்கு ஒன்றே ஒன்று: கேட்டதும் மனதுக்குள் மூன்று எண்ணுவது. அதையும் அவரே தேர்ந்தெடுத்தார்.

“ஏன் அப்படிச் செய்தீர்கள்?” என்று மட்டும் கேட்காதீர்கள், அது விசாரணை மாதிரி கேட்கும். ஆனால் விடையே தப்பாகப் போர்டில் இருந்தால் சுற்றி வளைக்காமல் அன்றே சொல்லிவிடுங்கள். முடிந்தால் உங்கள் வகுப்புக்கும் அவரைக் கூப்பிட்டு, அதே தாளை நிரப்பச் சொல்லுங்கள்.