பாலிஸ்டா, கேட்டபல்ட், லாரிக் கயிறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகன் கணினி விளையாட்டில் நாள்தோறும் ஒரு கோட்டையை உடைக்கிறான். “பாலிஸ்டா அம்பு விடும், கேட்டபல்ட் கல் எறியும், இதுகூடத் தெரியாதா அப்பா?” என்று எனக்கே பாடம் எடுக்கிறான். ஆனால் ரோமானியர்களைப் பற்றிய ஒரு நூலில், பாலிஸ்டாதான் கல் எறியும், கேட்டபல்ட் அம்பு விடும் என்று நேர்மாறாகப் படித்தேன். எது சரி? இன்னொரு சந்தேகம். இவை கயிற்றை முறுக்கி, அந்த விசையால் எறிந்தன என்கிறார்கள். ரப்பர் என்றால் புரிகிறது. கயிறு கட்டத்தான் உதவும், அதில் எப்படிச் சக்தி சேரும்?

கே., நாமக்கல்

அன்புள்ள கே.,

நூல் சொல்வதும் சரி, மகன் சொல்வதும் தவறில்லை. நடுவில் சில நூற்றாண்டுகள் ஓடிவிட்டன, அவ்வளவுதான்.

கி.மு. 399இல் சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரை ஆண்ட முதலாம் டயோனிசியஸ், கார்த்தேஜுடன் போருக்கு ஆயத்தமானபோது ஊர் ஊராகக் கைவினைஞர்களைத் திரட்டினான். அந்தப் பட்டறைகளில்தான் கேட்டபல்ட் பிறந்தது என்கிறார் வரலாற்றாசிரியர் டயோடோரஸ். அந்தக் கிரேக்கச் சொல்லுக்குக் கேடயத்தைத் துளைப்பது என்று பொருள் சொல்வார்கள். துளைப்பது அம்புதானே. கல் எறியும் பொறிக்குக் கிரேக்கர்கள் வேறு பெயர் வைத்திருந்தார்கள். ரோமானியர்களும் இதே வழக்கத்தில், அம்பு விடுவதைக் கேட்டபுல்டா என்றும் கல் எறிவதை பாலிஸ்டா என்றும் அழைத்தார்கள். கி.மு. முதல் நூற்றாண்டின் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதுவதும் இப்படித்தான். ஆனால் கி.பி. நான்காம் நூற்றாண்டில் ரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செலினஸ் எழுதும்போது பாலிஸ்டா அம்பு விடும் பொறியாகிவிட்டது. கல் எறிவது ‘ஒனேஜர்’, அதாவது காட்டுக்கழுதை. துரத்தி வருபவர்கள்மீது பின்னங்காலால் கல்லை உதைத்துத் தள்ளுமாம் அந்தக் கழுதை. பின்னாளில் கேட்டபல்ட் என்ற பெயர் அந்தக் கழுதைமீது ஏறிக்கொண்டது. உங்கள் மகன் பயன்படுத்துவது இந்தப் பின்னாள் வழக்கு.

ஆகவே அம்பா கல்லா என்று பார்த்துப் பயனில்லை. பொறிக்கு எத்தனை கைகள் என்று பாருங்கள். பாலிஸ்டாவுக்கு இரண்டு. உறுதியான ஒரு சட்டகத்தின் இரு ஓரங்களிலும் தூண்போல நிற்கும் இரண்டு கயிற்றுக் கற்றைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மரக்கை செருகியிருக்கும். இரு கைகளின் நுனியையும் ஒரு நாண் இணைக்கும். பார்வைக்குப் பெரிய வில் போல இருந்தாலும் அந்தக் கைகள் வளைவதில்லை, கற்றையில் திரும்பத்தான் செய்கின்றன. நாண் கல்லையோ அம்பையோ ஒரு நீண்ட பள்ளத்தின் வழியே தள்ளுவதால் குறி வைக்க முடியும். இடக்கையின் உதறலும் வலக்கையின் உதறலும் எதிரெதிர்த் திசையில் வருவதால் பக்கவாட்டு அதிர்ச்சி பெருமளவு ஒன்றையொன்று தின்றுவிடும்.

ஒனேஜரில் ஒரே கற்றை, படுக்கை வாட்டில். அதில் செருகிய ஒரே கை மேல்நோக்கி வீசி, நுனியில் தொங்கும் கவணிலிருந்து கல்லை விடுவிக்கும். (படங்களில் வரும் கரண்டிக் கை பிற்கால ஓவியர்களின் கைவண்ணம். அம்மியானஸ் சொல்வது கவண்தான்.) கல் போய்விட்ட பிறகும் அந்தக் கனத்த கைக்குள் வேகம் மிச்சம் இருக்கிறது. அதை எங்காவது மோதித்தான் நிறுத்த வேண்டும். அதற்கென்று முன்னால் உமி திணித்த மெத்தை ஒன்றைக் கட்டுவார்கள். அப்படியும் பொறி துள்ளும். இதைக் கல் மதிலின் மேல் வைத்தால் பொறியின் கனம் அல்ல, அந்தத் துள்ளலே மதிலைப் பிளந்துவிடும் என்று அம்மியானஸ் எச்சரிக்கிறார். செய்வதற்கு எளிது, பழுது பார்ப்பதற்கு எளிது, துல்லியம் குறைவு. என்னைக் கேட்டால் ஒனேஜர் வந்தது முன்னேற்றம் அல்ல, சிக்கனம்.

இனிக் கயிறு. நாமக்கல்லில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! லாரியில் பாரம் கட்டி முடித்ததும், கயிறு தொய்வாக இருந்தால் நடுவில் ஒரு கம்பைச் செருகி முறுக்குவார்களே, பார்த்திருப்பீர்கள். நாலைந்து சுற்றுக்குப் பிறகு கம்பு கைக்கு எதிராகத் தள்ளும். அந்த நேரத்தில் கை நழுவினால் கம்பு சுழன்று வந்து முழங்கையில் அடிக்கும். சிறுவயதில் அப்படி ஓர் அடி வாங்கிய பிறகுதான் எனக்கு இந்தப் பொறி புரிந்தது என்று சொல்லலாம்.

அந்தக் கம்புக்கு அடி எங்கிருந்து வந்தது? முறுக்கும்போது ஒவ்வொரு புரியும் நேர்க்கோட்டை விட்டுத் திருகாணியின் மரை போலச் சுற்றிப் போகிறது. சுற்றுப்பாதை நேர்ப்பாதையைவிட நீளம். ஆனால் கயிற்றின் இரு முனைகளும் கட்டப்பட்டிருக்கின்றன, கூடுதல் நீளத்துக்குப் போக்கிடம் இல்லை. ஆகவே புரிகள் நீண்டாக வேண்டும். முறுக்கு என்று நாம் சொன்னாலும் உள்ளே நடப்பது இழுபடுதல்தான். நீங்கள் ரப்பரில் காண்பதேதான், நீளும் அளவு மட்டும் சிறிது. கயிறு இழுபடாது என்று நினைக்கிறோம். பத்து மடங்கு விசையோடு இழுத்தால் அதுவும் நீளும்.

நீள்வது போதாது, சுருங்கவும் வேண்டும். தென்னங்கயிறு நன்றாக நீளும், ஆனால் முழுவதும் திரும்பி வராது. கிரேக்கர்கள் தேர்ந்தது மாடு, மான் போன்றவற்றின் தசைநாண், அதாவது சதையை எலும்போடு கட்டும் வெண்ணிற நார். நாம் ஓடும்போது குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் நீண்டு சுருங்கித்தான் அடுத்த எட்டுக்கு உந்துகிறது. இயற்கையே வில்சுருளாகப் பயன்படுத்தும் பொருள் அது. அதைக் கீறி, நூலாக்கி, கயிறாகத் திரித்தார்கள். அடுத்த தேர்வு நீண்ட தலைமுடி. கி.மு. 220 வாக்கில் முற்றுகைக்கு அஞ்சிய சினோப் நகருக்கு ரோட்ஸ் தீவினர் அனுப்பிய உதவியில், பதப்படுத்திய முடி முந்நூறு தாலந்து இருந்தது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். ஏறக்குறைய ஏழெட்டு டன்!

கற்றையைக் கட்டும் முறை இது. சட்டகத்தின் மேலும் கீழும் ஒவ்வொரு துளை. துளைமேல் ஒரு வெண்கல வளையம், வளையத்தின் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி. மேல் கம்பியிலும் கீழ்க் கம்பியிலுமாகக் கயிற்றை மாற்றி மாற்றிச் சுற்றித் துளை நிறையும்வரை போவார்கள். ஒவ்வொரு சுற்றையும் தனி இழுவைச் சட்டத்தில் வைத்து, அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு குறையும்வரை இழுத்த பிறகே அடுத்த சுற்று. கடைசியில் கையைச் செருகி, வளையத்தையே திருகி முறுக்கேற்றி, ஆணியிட்டு நிறுத்துவார்கள். ஸ்பெயினின் அம்பூரியாஸில் 1912இல் இப்படி ஒரு பொறியின் சட்டகம் வளையங்களோடு கிடைத்தது. துளையின் விட்டம் சுமார் 8 சென்டிமீட்டர். அம்பின் நீளத்தில் ஒன்பதில் ஒரு பங்கு துளையின் விட்டம் என்பது கிரேக்கர் கணக்கு. ஆகவே அது 70 சென்டிமீட்டர் அளவிலான அம்பை விட்டிருக்க வேண்டும். பொறியின் மற்ற உறுப்புகளின் அளவுகளும் இந்தத் துளையின் மடங்குகளாகவே வரும்.

கல்லுக்கு வேறு கணக்கு, அது என்னை இன்றும் வியக்க வைப்பது. பொறிகளைப் பற்றி நூல் எழுதிய பைசான்டியத்தின் ஃபிலோன் தருகிறார்: கல்லின் எடையை மினா என்ற கிரேக்க எடையளவில் எடுத்து நூறால் பெருக்குங்கள். அதன் கனமூலத்தைக் கண்டு, பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். வருவது துளையின் விட்டம், விரற்கடைக் கணக்கில். பத்து மினா கல்லுக்குப் போட்டுப் பார்ப்போம். நூறால் பெருக்கினால் 1000, கனமூலம் 10, பத்தில் ஒன்று சேர்ந்து 11 விரற்கடை. இன்றைய அளவில் நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த கல், 21 சென்டிமீட்டர் துளை. இப்போது எண்பது மினா கல்: 8000, கனமூலம் 20, விடை 22. கல் எட்டு மடங்கு, துளை இரண்டே மடங்கு.

ஏன் கனமூலம்? துளை இருமடங்கானால் கற்றையின் உயரமும் இருமடங்காகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டிப்பதால் கற்றைக்குள் எட்டு மடங்கு தசைநாண். ஒவ்வொரு கிலோ தசைநாணும் ஒரே அளவுதான் நீள முடியும், ஆகவே சேரும் சக்தியும் எட்டு மடங்கு. எட்டு மடங்கு சக்தி எட்டு மடங்கு கல்லைத் தள்ளினால் வேகம் மாறாது, தூரமும் மாறாது. பெரிய பாலிஸ்டா அதிக தூரம் எறியாது, அதிக எடையைத்தான் எறியும். சக்தி என்ற கருத்தே இல்லாத காலத்தில், அலெக்சாண்டிரியாவில் மன்னர்களின் செலவில் பொறிகளைச் செய்து செய்து பார்த்து இந்த விதியை எட்டினார்கள்.

வில்லை இப்படிப் பெரிதாக்க முடியாது. வளையும் மரத்தில் மேல் பரப்பும் கீழ்ப் பரப்பும்தான் முழுவதும் உழைக்கின்றன, நடுமரம் சும்மா இருக்கிறது. அதோடு வில்லின் கனத்த கைகளையும் விசை சேர்த்தே தள்ள வேண்டும். கற்றையில் கனமான பகுதி அச்சை ஒட்டியே சுழல்கிறது, அதிகம் நகர்வதில்லை.

தொல்லைகளும் உண்டு. தசைநாண் ஈரத்தில் தளரும். நாள்படத் தானாகவும் தளரும். தளர்ந்ததும் வளையத்தை இன்னும் கொஞ்சம் திருகுவார்கள். அந்த நேரத்துக்குச் சரியாகும். ஆனால் அளவுக்கு மேல் திருகிய கற்றை அடர்ந்து இறுகித் துள்ளலை இழக்கிறது என்று ஃபிலோன் குறைப்படுகிறார். கட்டைபோல் இறுகியிருக்கும், கல்லோ அருகில் விழும்.

இன்னொரு தொல்லை இரு கற்றைகளின் ஏற்றத்தாழ்வு. கட்டடக் கலைஞனுக்கு இசை தெரிய வேண்டும் என்று விட்ருவியஸ் சொல்வதற்கு ஒரு காரணமே இதுதான். தட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். இல்லாவிட்டால் கைகள் ஒரே வேகத்தில் வராது, எய்தது கோணிப் போகும். சென்ற ஆண்டு நைலான் கயிற்றில் முழம் அகலத்துக்கு ஒரு பாலிஸ்டா செய்தேன். பென்சில் அளவுக் குச்சி பத்தடி தூரத்தில் ஒவ்வொரு முறையும் இலக்குக்கு ஒரு சாண் இடப்பக்கமாகவே போனது. நாணை மாற்றினேன், பள்ளத்தை உப்புத்தாளால் தேய்த்தேன், பயனில்லை. பிறகுதான் விட்ருவியஸ் நினைவு வந்து விரலால் சுண்டிப் பார்த்தேன். ஒன்று ‘திண்’ என்றது, மற்றது ‘டங்’ என்றது. தாழ்ந்து ஒலித்த கற்றையின் வளையத்தை ஒரு துளை தள்ளித் திருப்பி ஆணியைச் செருகினேன். அடுத்த குச்சி அட்டைப்பெட்டியின் நடுவில் போய்க் குத்தி நின்றது.